மறுக்கப்பட்ட பணமும் ஒழுங்கான கடிதமும்

பழுதான பொருளைக் கடைக்காரர் மாற்றித் தரவும் மாட்டார், பணத்தைத் திருப்பித் தரவும் மாட்டார் என்ற நிலை வரும்போது நம்மவர்களில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, "போனது போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது மனத்தில் உள்ள கோபம் முழுவதையும் நான்கு பக்கத்தில் கொட்டி ஒரு கடிதம் அனுப்புகிறார்கள். அந்த நான்கு பக்கக் கடிதத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வரிப் பதில்தான் வரும். சட்டம் நம் பக்கம் இருந்தும் அப்படி நடப்பதற்குக் காரணம், கடிதத்தைப் படிப்பவர் எது நடந்தது, எப்போது நடந்தது, நாம் என்ன கேட்கிறோம் என்ற மூன்றையும் அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாமற் போவதே.

அண்மையில் நமது அங்கத்தவரான ஓர் அம்மையார் இப்படிப்பட்ட கடிதம் ஒன்றின் பிரதியைக் கொண்டுவந்தார். அதைத் திருத்தி எழுதிய விதத்தை, அவருடைய அனுமதியுடன், கடையின் பெயரையும் அவருடைய பெயரையும் விலக்கி இங்கே தருகிறோம். இங்கே சொல்லப்படும் சட்டம் பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். நீதிமன்றம் பற்றிச் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரியது.

முதற் கடிதம்

அம்மையார் 529 பவுணுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கினார். அதன் பிரீசர் பகுதி சரியாகக் குளிரவில்லை. கடைக்காரர் ஆள் அனுப்பித் திருத்தினார். இரண்டு கிழமையில் மீண்டும் அதே பழுது. பணத்தைக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அம்மையார் முதலில் எழுதியிருந்த கடிதத்தின் சாரம் இது:

"மதிப்புக்குரிய ஐயா, உங்கள் கடையை நம்பி வாங்கியதற்கு நல்ல பாடம் படித்தேன். போன மாதம் வாங்கிய பெட்டி ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. எத்தனையோ தடவை தொலைபேசியில் பேசிவிட்டேன். ஒருவரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. வந்து திருத்தியவருக்கு வேலையே தெரியாது. என் கணவர் சுகமில்லாதவர், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சமைத்து வைத்ததெல்லாம் வீணாகிவிட்டது. தயவுசெய்து இதைத் திருத்தித் தாருங்கள், அல்லது வேறு பெட்டி தாருங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் தாருங்கள். உடனே செய்யாவிட்டால் பத்திரிகைக்கும் பொலிசுக்கும் அறிவிப்பேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கடையின் முறைப்பாட்டுப் பகுதியில் இருப்பவர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு திகதியும் கிடைக்காது. "எத்தனையோ தடவை" என்றால் எத்தனை? "சரியில்லை" என்றால் என்ன? திருத்திய பிறகு மீண்டும் பழுதானது என்ற மிக முக்கியமான செய்தி கடிதத்தில் எங்கே? அது திருத்தியவரைப் பற்றிய குறைக்குள் மறைந்துவிட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "திருத்துங்கள், அல்லது மாற்றுங்கள், அல்லது பணம் தாருங்கள்" என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் கடைக்காரர் தமக்கு வசதியானதைத் தெரிந்தெடுப்பார். பெரும்பாலும் மீண்டும் ஒருமுறை திருத்தவே முன்வருவார். வாங்கியவர் திருத்தத்துக்கு உடன்பட்டுவிட்டால், அதற்கு நியாயமான அவகாசம் கொடுக்காமல் பொருளை நிராகரிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பணிவுக்காகச் சேர்த்த ஒரு சொல் பல கிழமைகளை வீணாக்கிவிடும்.

பொலிஸ், பத்திரிகை என்பவற்றால் பயன் இல்லை. பணத்தைத் திருப்பித் தர மறுப்பது பொதுவாகப் பொலிஸ் விஷயம் அல்ல. அது கடைக்காரருக்குத் தெரியும். நடக்காத ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்தினால், நடக்கக்கூடியதைச் சொல்லும்போதும் அவர் நம்பமாட்டார்.

முதலில் திகதிகள்

கடிதத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வெறும் தாளை எடுத்து மூன்று நிரல்கள் கீறினோம். முதலாவதில் திகதி, இரண்டாவதில் நடந்தது, மூன்றாவதில் அதற்கு என்ன சான்று. "எனக்குத் திகதிகள் ஒன்றும் ஞாபகம் இல்லை" என்றுதான் அம்மையார் தொடங்கினார். ஆனால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் கிடைத்தன. வாங்கிய நாள் பற்றுச்சீட்டில் இருந்தது. கொண்டுவந்து இறக்கிய நாள் விநியோகத் தாளில் இருந்தது. கடைக்குப் பேசிய நாட்களைக் கைத்தொலைபேசியின் அழைப்புப் பட்டியலும் மாதாந்தக் கட்டணச் சீட்டும் காட்டின. திருத்த வந்தவர் விட்டுச்சென்ற வேலைத் தாளில் நாளும், "வெப்ப உணர்கருவி மாற்றப்பட்டது" என்ற குறிப்பும் இருந்தன. வெப்பமானியை பிரீசருக்குள் வைத்து எடுத்த படத்தில் நாளும் நேரமும் பதிவாகியிருந்தன.

தாளில் எழுதியபோது கதை இப்படி நின்றது:

2025 பெப்ரவரி 8: கடையில் கடன் அட்டை மூலம் 529 பவுணும் விநியோகத்துக்கு 25 பவுணும் செலுத்தப்பட்டது.

பெப்ரவரி 12: பெட்டி வீட்டுக்கு வந்தது.

பெப்ரவரி 20: பிரீசரில் இருந்த உணவு இளகியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

பெப்ரவரி 21: கடைக்குத் தொலைபேசியில் அறிவிக்கப்பட்டது. ஆள் அனுப்புவதாகக் கடை சொன்னது.

மார்ச் 4: கடை அனுப்பியவர் உணர்கருவியை மாற்றினார்.

மார்ச் 19: மீண்டும் உணவு இளகியது. வெப்பமானி −6 பாகை காட்டியது.

மார்ச் 20: பெட்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரும்படி தொலைபேசியில் கேட்கப்பட்டது.

மார்ச் 24: "28 நாட்கள் கடந்துவிட்டதால் பணம் தர இயலாது. உற்பத்தியாளரைத் தொடர்புகொள்ளவும்" என்று கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது.

இந்த எட்டு வரிகளே வழக்கு. கணவரின் சுகவீனமும் திருத்தியவரின் திறமையும் இதில் வரவில்லை. அவை உண்மையல்ல என்பதால் அல்ல. அவற்றால் பணம் கிடைக்கப் போவதில்லை என்பதால்.

"சரியில்லை" என்ற சொல்லுக்குப் பதிலாக −6 பாகை வந்திருப்பதைக் கவனியுங்கள். வீட்டுப் பிரீசர் −18 பாகையில் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. 18 எங்கே, 6 எங்கே என்று படிப்பவர் தாமே கண்டுகொள்வார். நாம் ஒரு அடைமொழியும் சேர்க்கத் தேவையில்லை.

திகதிகள் காட்டிய உரிமை

எட்டு வரிகளும் வரிசையாக வந்த பிறகுதான் அம்மையாருக்கு எந்த உரிமை இருக்கிறது என்பது தெளிவாகியது.

சட்டப்படி, வியாபாரி ஒருவர் நுகர்வோருக்கு விற்கும் பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் 30 நாட்களுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பின்னர், கடைக்காரருக்குத் திருத்தவோ மாற்றிக் கொடுக்கவோ ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகும், அல்லது ஒரு மாற்றத்துக்குப் பிறகும், பொருள் தரத்துக்கு வரவில்லையென்றால் பொருளை நிராகரிக்கும் இறுதி உரிமை பிறக்கிறது. "இன்னும் ஒருமுறை பார்க்கிறோம்" என்று கடை சொல்லலாம். ஏற்க வேண்டிய கடமை நமக்கு இல்லை.

இங்கே மார்ச் 4இல் ஒரு திருத்தம் நடந்தது, மார்ச் 19இல் அது தோற்றது. இந்த இரண்டு திகதிகளும் அடுத்தடுத்து நின்றாலே உரிமை தெளிவாகிவிடும். முதற் கடிதத்தில் இரண்டுமே இருக்கவில்லை.

இந்தத் திருத்தத்தை ஒழுங்கு செய்தது கடை என்பதும் முக்கியம். அம்மையார் கடைக்குச் சொல்லாமல் நேரே உற்பத்தியாளரின் உத்தரவாதத்தின் கீழ் ஆளை அழைத்திருந்தால், "எங்களுக்கு வாய்ப்பே தரவில்லையே" என்று கடை வாதாட இடம் இருந்திருக்கும். பழுது கண்டவுடன் விற்றவருக்கே முதலில் அறிவிக்க வேண்டும் என்பதை அங்கத்தவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஆறு மாதக் கணக்கு. பொருள் கிடைத்து ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, கிடைத்த நாளிலேயே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அப்படியல்ல என்று காட்ட வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. இந்தச் சலுகை திருத்தம் கேட்பவருக்கும் இறுதி உரிமையைப் பயன்படுத்துபவருக்கும் உண்டு. முதல் 30 நாள் உரிமைக்கு அது இல்லை. ஆறு மாதத்துக்குள் இறுதி உரிமையைப் பயன்படுத்தினால், இவ்வளவு நாள் பாவித்தீர்கள் என்று பணத்தில் கழிக்கவும் கூடாது. மோட்டார் வாகனத்துக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

இனிக் கடை சொன்ன இரண்டு காரணங்கள். 28 நாள் என்பது அந்தக் கடை தானே வைத்துக்கொண்ட விதி. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்கு அது பொருந்தலாம். பழுதான பொருளைப் பற்றிச் சட்டம் தந்த உரிமையைக் கடையின் விதி குறைக்க முடியாது. உற்பத்தியாளரிடம் போகச் சொன்னதும் செல்லாது. பணம் வாங்கியது கடை, உடன்படிக்கை கடையுடன். உற்பத்தியாளரின் உத்தரவாதம் அதற்கு மேலாக உள்ள ஒன்றே தவிர அதற்குப் பதிலானது அல்ல.

கடை எழுதிய மறுப்பை நம் சொற்களில் மாற்றிச் சொல்லாமல் அவர்களுடைய சொற்களையே மேற்கோளிட்டு எழுதினோம். பிறகு "நாங்கள் அப்படிச் சொல்லவில்லை" என்ற பேச்சுக்கு இடம் இராது.

என்ன கேட்பது?

கோரிக்கையை ஒரே பந்தியில், எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் தொகை போட்டு எழுத வேண்டும். அம்மையாருக்கு மூன்று இருந்தன. பெட்டியின் விலையும் விநியோகக் கட்டணமும் சேர்ந்து 554 பவுண். பெட்டியைக் கடை தன் செலவில் எடுத்துச் செல்வது. பழுதான உணவுக்கு 46 பவுண்.

மூன்றாவதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பொருளின் குறையால் நேர்ந்த நட்டத்தையும் கேட்கலாம். ஆனால் அது விலையைத் திருப்பிக் கேட்பதிலிருந்து வேறானது; நட்டம் இவ்வளவு என்று நாம்தான் காட்ட வேண்டும். அம்மையார் முதலில் "சுமார் 150 பவுண் சாமான்" என்றார். பற்றுச்சீட்டு இருந்தது 46 பவுணுக்கு மட்டுமே. ஆகவே 46 என்றே எழுதினோம். ஆதாரமில்லாத ஒரு தொகை கடிதத்தில் இருந்தால் ஆதாரமுள்ள மற்றத் தொகையிலும் சந்தேகம் விழும். மன உளைச்சலுக்கு 500 பவுண் என்ற ஒரு வரியும் இருந்தது. இப்படியான சாதாரண வாங்கல் விற்கலில் அது அநேகமாகக் கிடைக்காது என்பதால் எடுத்துவிட்டோம்.

"உடனே" என்ற சொல்லையும் எடுத்துவிட்டு ஒரு திகதி போட்டோம். நீதிமன்றத்துக்குப் போகும் முன் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும். சிக்கலில்லாத விஷயத்தில் 14 நாட்கள் என்பது நீதிமன்ற நடைமுறைக் குறிப்பே சொல்லும் அளவு. "14 நாட்களுக்குள்" என்று மட்டும் எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி வரும். முடியும் நாளையே எழுதிவிடுவது நல்லது.

திருத்திய கடிதம்

ஆங்கிலத்தில் அனுப்பப்பட்ட கடிதத்தின் தமிழ் வடிவம் இது. உங்கள் விஷயத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"2025 ஏப்ரல் 2

பெறுநர்: கடையின் பதிவுசெய்யப்பட்ட பெயரும் முகவரியும்

விஷயம்: குளிர்சாதனப் பெட்டி, கட்டளை இலக்கம் ......; பொருளை நிராகரித்தலும் 600 பவுண் கோரலும்

1. 2025 பெப்ரவரி 8 அன்று மேற்படி பெட்டியை உங்களிடமிருந்து 529 பவுணுக்கு வாங்கினேன். விநியோகத்துக்கு 25 பவுண் செலுத்தினேன். இரண்டையும் கடன் அட்டை மூலம் செலுத்தினேன். பெட்டி பெப்ரவரி 12 அன்று கிடைத்தது.

2. பெப்ரவரி 20 அன்று பிரீசர் குளிரை வைத்திருக்காததைக் கண்டேன். பெப்ரவரி 21 அன்று உங்களுக்குத் தொலைபேசியில் அறிவித்தேன்.

3. மார்ச் 4 அன்று நீங்கள் அனுப்பியவர் வெப்ப உணர்கருவியை மாற்றினார்.

4. மார்ச் 19 அன்று அதே பழுது மீண்டும் ஏற்பட்டது. பிரீசரின் வெப்பநிலை −6 பாகையாக இருந்தது. மார்ச் 20 அன்று பெட்டியை நிராகரித்துப் பணத்தைக் கேட்டேன்.

5. மார்ச் 24 அன்று மின்னஞ்சலில், '28 நாட்கள் கடந்துவிட்டதால் பணம் தர இயலாது. உற்பத்தியாளரைத் தொடர்புகொள்ளவும்' என்று பதிலளித்தீர்கள்.

6. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி பெட்டி திருப்திகரமான தரத்தில் இல்லை. ஒரு திருத்தத்தின் பின்னரும் குறை நீடிப்பதால், பொருளை நிராகரிக்கும் இறுதி உரிமையைப் பயன்படுத்துகிறேன். மேலும் ஒரு திருத்தத்துக்கு நான் உடன்படவில்லை. உடன்படிக்கை உங்களுடனானது. உங்கள் 28 நாள் விதி இவ்வுரிமையைக் குறைக்காது.

7. நான் கோருவது: (அ) விலையும் விநியோகக் கட்டணமும், 554 பவுண்; (ஆ) பழுதான உணவுக்கு 46 பவுண்; (இ) உங்கள் செலவில் பெட்டியை எடுத்துச் செல்லல். பெட்டி உங்களுக்காக வைக்கப்பட்டுள்ளது.

8. 2025 ஏப்ரல் 16க்குள் எழுத்தில் பதில் தரவும். கிடைக்காவிட்டால் கடன் அட்டை நிறுவனத்திடம் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் கோருவேன். தேவையானால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வேன்.

இணைப்புகள் (பிரதிகள்): பற்றுச்சீட்டு, விநியோகத் தாள், வேலைத் தாள், வெப்பமானிப் படம், மார்ச் 24 மின்னஞ்சல், உணவுப் பற்றுச்சீட்டு."

முழுக் கடிதமும் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. ஒவ்வொரு பந்தியிலும் ஒரு விஷயம் மட்டுமே உண்டு. எண்கள் இருப்பதால், கடை பதில் எழுதும்போது எந்தப் பந்தியை ஏற்கிறது, எதை மறுக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவும் பின்னர் நமக்கு உதவும்.

அனுப்பிய பிறகு

இணைப்புகள் யாவும் பிரதிகளாக இருக்க வேண்டும். மூலத்தைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது. கடிதத்தைக் கையொப்பம் பெறும் தபாலில் அனுப்பி, அதன் பிரதியை மின்னஞ்சலிலும் அனுப்பினோம். தபாற் கந்தோர் தந்த சீட்டு அந்தக் கடிதப் பிரதியுடனேயே குத்தி வைக்கப்பட்டது. நிராகரித்த பிறகு பெட்டியைத் தொடர்ந்து பாவிக்க வேண்டாம் என்றும் அம்மையாருக்குச் சொன்னோம். நிராகரித்ததாகச் சொல்லிக்கொண்டு பாவித்தால் கடைக்கு ஒரு வாதம் கிடைத்துவிடும்.

75ஆம் பிரிவு பலருக்குத் தெரியாத ஒன்று. ஒரு பொருளின் ரொக்க விலை 100 பவுணுக்கு மேலும் 30,000 பவுணுக்கு மேற்படாமலும் இருந்து, கடன் அட்டையால் அதற்குப் பணம் செலுத்தியிருந்தால், கடைக்காரரைப் போலவே அட்டை நிறுவனமும் பொறுப்பாகும். கடை மூடப்பட்டுவிட்டாலும் இந்த வழி திறந்திருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் போகும் பற்று அட்டைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. பற்று அட்டையால் செலுத்தியவர்கள் பணத்தை மீளப் பெற்றுத் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். ஆனால் அது அட்டை நிறுவனங்களின் சொந்த விதி, அதற்குக் கால எல்லை உண்டு, தாமதிக்கக் கூடாது.

நீதிமன்றம் என்றால் நம்மவர் அஞ்சுகிறார்கள். 10,000 பவுண் வரையான பணக் கோரிக்கைகள் பொதுவாகச் சிறு கோரிக்கைப் பிரிவில் விசாரிக்கப்படுகின்றன. வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். கோரும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் முதலில் கட்ட வேண்டும். வென்றால் அது பொதுவாக எதிர்த்தரப்பிடமிருந்து கிடைக்கும். ஆனால் தீர்ப்புக் கிடைப்பது ஒன்று, பணம் கைக்கு வருவது இன்னொன்று என்பதை மறக்கக் கூடாது. ஆகவே கடன் அட்டை வழி இருப்பவர்கள் முதலில் அதையே நாடுவது நல்லது. எந்த வழியில் போனாலும் முதலில் கேட்பது இந்தக் கடிதத்தைத்தான். வழக்கு விண்ணப்பத்தின் விபரப் பகுதியையும் பந்தி 1 முதல் 7 வரை பார்த்தே எழுதிவிடலாம்.

அம்மையார் அவ்வளவு தூரம் போகவேண்டி வரவில்லை. ஏப்ரல் 11இல் கடையிலிருந்து பதில் வந்தது. விலையையும் விநியோகக் கட்டணத்தையும் தருவதாகவும், பெட்டியை எடுத்துச் செல்வதாகவும் ஒப்புக்கொண்டார்கள். உணவுக்கான 46 பவுணை மறுத்தார்கள். கடை ஒரு பற்றுவில்லையை, அதாவது அதே கடையில் மட்டும் செலவழிக்கக்கூடிய சீட்டை, முதலில் தர முன்வந்தது. அதை அம்மையார் ஏற்கவில்லை. பணம் செலுத்திய அதே வழியிலேயே திருப்பித் தர வேண்டும் என்பதும், உரிமையை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தர வேண்டும் என்பதும் சட்டம். 554 பவுண் அவருடைய அட்டைக் கணக்குக்குத் திரும்பியது. 46 பவுணுக்காக மேலும் போராடுவதில்லை என்று அவர் தாமே முடிவு செய்தார்.

சில எல்லைகள்

இந்த உரிமைகள் வியாபாரியிடம் வாங்கிய பொருளுக்கே உரியவை. தனிப்பட்ட ஒருவரிடம் பழைய பொருள் வாங்கினால் தரம் பற்றிய இந்தப் பாதுகாப்பு இல்லை. பொருளில் குறை எதுவும் இல்லாமல், நிறம் பிடிக்கவில்லை, அளவு ஒத்துவரவில்லை என்று கடையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதற்கும் சட்ட உரிமை இல்லை; அங்கே கடையின் சொந்த விதிதான் பேசும். இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கியதென்றால் பெரும்பாலான பொருட்களுக்கு, கிடைத்த பின் 14 நாட்கள் மனம் மாற இடமுண்டு. வாங்கும்போதே காட்டிச் சொல்லப்பட்ட குறைக்காகப் பின்னர் முறைப்பட முடியாது.

ஆறு மாதம் கடந்துவிட்டாலும் உரிமை அழிந்துபோவதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் வழக்குத் தொடரப் பொதுவாக ஆறு ஆண்டுகள் உண்டு. ஆனால் குறை ஆரம்பத்திலேயே இருந்தது என்று காட்டும் பாரம் அப்போது நம் மீது வந்துவிடும். பாவித்த காலத்துக்காகப் பணத்தில் கழிக்கவும் கடைக்கு இடம் வரும். எனவே பொருள் பழுதான அன்றே ஒரு தாளில் திகதியையும் கண்டதையும் எழுதி, பற்றுச்சீட்டுடன் சேர்த்து ஓர் உறையில் போட்டு வைக்கவும். கடிதம் எழுதும் நாள் வந்தால் அந்த உறையே பாதிக் கடிதமாக இருக்கும்.